பட்டுப் பாவாடையில் பொட்டுப் பொட்டாய் வெயில்

புனே லட்சுமி ரோட்டுத் துணிக்கடைகளுக்கு வருஷக்கணக்கில் புடவைப் படம் எடுத்துத் தரும் தமிழர் ஒருவர் இந்த மாதக் கடிதங்களுக்குப் பதில் சொல்கிறார். வந்தவற்றில் முக்கால்வாசி தீபாவளிப் படங்கள். இரண்டைப் பார்த்ததுமே மூக்குக் கண்ணாடியைக் கழற்றி மேஜைமேல் வைத்துவிட்டார்.

கேள்வி: தீபாவளியன்று காலை பதினோரு மணிக்கு எங்கள் சொசைட்டித் தோட்டத்தில் மகளைச் சந்தன நிறப் பட்டுப் பாவாடையோடு படம் எடுத்தோம். வெயில் படாமல் மரநிழலில்தான் நிறுத்தினோம். ஆனாலும் பாவாடை முழுக்க இலை இலையாகக் கறை பிடித்ததுபோல் இருக்கிறது. ஏன்? (கோத்ரூட் வாசகி)

பதில்: படத்தைப் பார்த்தவர் முதலில் கேட்டது, "மரம் எவ்வளவு உயரம்?" என்பதுதான். குழந்தையின் தலைக்கு மேலே கை நீட்டினால் எட்டும் உயரத்தில் ஒரு கிளை. தப்பு அங்கேதான்.

சூரியன் ஒரு புள்ளி அல்ல. வானத்தில் அரை டிகிரி அகலத்துக்கு விரிந்த வட்டம். அதனால் எந்த நிழலுக்கும் ஓரம் கொஞ்சம் கரைந்துதான் விழும். எவ்வளவு கரையும் என்பதை இலைக்கும் துணிக்கும் உள்ள தூரம் முடிவு செய்கிறது. அந்தத் தூரத்தை 108ஆல் வகுத்தால் கிடைப்பதுதான் கரையும் அகலம். ஒன்றரை மீட்டர் மேலே இருக்கும் இலையின் ஓரம் ஒன்றரை சென்டிமீட்டர்கூடக் கரையாது. ஆறு சென்டிமீட்டர் இலை பாவாடையில் அச்சுக் குத்தினாற்போல் விழுந்துவிடும். அதே இலை பன்னிரண்டு மீட்டர் உயரத்தில் இருந்தால் ஓரம் பதினொரு சென்டிமீட்டர் கரையும். கரைகிற அகலம் இலையைவிடப் பெரிதாகிவிட்டதால் தனி இலை என்ற வடிவமே துணிக்கு வந்து சேராது. மங்கலான வெயில் திட்டுகள் ஒன்றன்மேல் ஒன்று படிந்து, மெல்லிய வெளிச்சமாகத்தான் தெரியும்.

உயர்ந்த மரத்தடியில் தரையில் வட்ட வட்டமாக வெயில் விழுவதும் இதனால்தான். இலை இடுக்கு எந்த வடிவில் இருந்தாலும் விழுவது சூரியனின் பிம்பம். 2019 டிசம்பர் 26 அன்று திண்டுக்கல், கோவைப் பக்கம் கங்கண கிரகணத்தின்போது மரத்தடியைக் குனிந்து பார்த்தவர்களுக்கு இது தெரிந்திருக்கும். வட்டங்களெல்லாம் வளையல்களாகியிருக்கும்.

இரண்டாவது தொல்லை வெளிச்ச வித்தியாசம். வெயில் திட்டுக்கும் பக்கத்து நிழலுக்கும் சாதாரணமாக எட்டுப் பத்து மடங்கு வித்தியாசம் இருக்கும். செல்போன் நிழலைப் பார்த்து வெளிச்சத்தைக் கூட்டியதும், சந்தன நிறத்தில் வெயில் பட்ட இடமெல்லாம் வெறும் வெள்ளையாகிவிட்டது. நெசவின் இழைகூட அங்கே இல்லை. படம் எடுக்கும் முன் திரையில் வெயில் திட்டின்மேல் விரலை வைத்து, வெளிச்சத்தைக் கீழே இழுத்திருந்தால் அதையாவது காப்பாற்றியிருக்கலாம்.

அடுத்த தடவைக்கு அவர் சொல்லும் வழி ரொம்பச் சாதாரணம். வீட்டில் இருக்கும் நாலு முழ வெள்ளை வேட்டியை இரண்டு பேர் விரித்துப் பிடிக்க வேண்டும். கரையை மடித்துக்கொள்வது அவசியம், இல்லாவிட்டால் அதுவும் நிழலாக விழும். வேட்டியின் நிழலுக்குள் குழந்தை தலை முதல் பாதம் வரை அடங்க வேண்டும். எவ்வளவு கிட்டப் பிடிக்கிறோமோ அவ்வளவு மென்மையான வெளிச்சம். ஒரு சங்கடம், பின்னாலிருக்கும் செடிகொடி வெயிலிலேயே இருப்பதால் அவை வெளுத்துப்போகும். அதனால் இருட்டான பின்னணியாகப் பார்த்து நிறுத்த வேண்டும்.

கேள்வி: இதற்காக நல்ல கேமரா வாங்கலாமா?

பதில்: வேண்டாம். மரத்தை மாற்றுங்கள் என்கிறார்.

கேள்வி: வீட்டிலிருந்தே பைட்டணிப் புடவை விற்கிறேன். எம்பிரஸ் கார்டன் மாதிரி மரங்கள் நிறைந்த இடத்தில் எடுத்தால் அழகாக வருகிறது. ஆனால் வாங்கியவர்கள் "படத்தில் வேறு நிறம்" என்று திருப்பி அனுப்புகிறார்கள்.

பதில்: இந்தக் கடிதத்துக்கு அவர் நாற்காலியை முன்னால் இழுத்துப் போட்டுக்கொண்டார்.

பாவு ஒரு நிறம், ஊடை ஒரு நிறம் என்று நெய்த பட்டு ஒவ்வொரு மடிப்பிலும் வேறு நிறம் காட்டும். நம்மூரில் மயில்கழுத்து என்று கேட்டு வாங்குகிறோமே, அதே சங்கதி. பைட்டணிக்காரர்கள் இதற்கு வைத்திருக்கும் பெயர் 'தூப்-சாவ்', வெயில்-நிழல். வெயிலும் நிழலும் துணிக்குள்ளேயே நெய்யப்பட்டிருக்கின்றன. அதன்மேல் மரத்தின் வெயில்-நிழலையும் கொட்டினால், மடிப்பில் தெரியும் நிறம் நெசவினுடையதா மரத்தினுடையதா என்று பார்ப்பவர் எப்படிக் கண்டுபிடிப்பார்? அவர் குரல் இங்கே கொஞ்சம் உயர்ந்துவிட்டது. "நெய்தவர் மாதக்கணக்கில் தறியில் உட்கார்ந்து கொண்டுவந்த ஒன்றை, ஒரு நிமிஷத்தில் இல்லாமல் செய்துவிடுகிறோம்" என்றார்.

போதாததற்கு, மரத்தடி வெளிச்சம் வெள்ளையே அல்ல. இலையைத் தாண்டி இறங்கும் ஒளியில் பச்சை மிகுதி. வெயில் திட்டில் மஞ்சள் சாயல், பக்கத்திலேயே பச்சைச் சாயல். ஒரே புடவையில் இரண்டு. கேமராவில் வெள்ளையைச் சரி செய்யப் போனால் ஒன்றுதான் சரியாகும், மற்றது கெடும். சிவப்பு ஊடை பச்சை நிழலில் செங்கல் நிறமாகத் தெரிந்ததைப் பார்த்துத்தான் ஒருவர் திருப்பி அனுப்பியிருக்கிறார்.

புடவையை மரத்தடியிலிருந்து வெளியே கொண்டுவரச் சொல்கிறார். வெயில் நேராகப் படாத, மேலே வானம் திறந்திருக்கும் வெள்ளைச் சுவரோரம் போதும். கட்டடத்து நிழல் கொஞ்சம் நீலமாக இருக்கும். ஆனால் புடவை முழுக்க ஒரே அளவு நீலம், அதனால் ஒரே திருத்தத்தில் சரியாகிவிடும். வெளிச்சம் பக்கவாட்டிலிருந்து வரும்படி முந்தானையை மடித்துத் தொங்கவிட்டு ஒரு படம். கேமராவை இரண்டடி நகர்த்தி இன்னொரு படம். நிறம் மாறுவது அப்போது தெரியும். வாங்குபவருக்கு இரண்டையும் அனுப்ப வேண்டும்.

மரம்தான் வேண்டும் என்று பிடிவாதமாக இருந்தால் மரத்துக்கு முன்னால் நிற்கலாம், அடியில் வேண்டாம். நவம்பர் தொடக்கத்தில் புனேயில் ஆறு மணிவாக்கில் சூரியன் மறைகிறது. கடைசி அரை மணி நேரத்தில் சாய்ந்த வெயில் கிளைக்குக் கீழே புகுந்து வருவதால், தலைக்கு மேலிருக்கும் இலை குறுக்கே நிற்காது.

கேள்வி: வாடிக்கையாளர் படத்தைக் காட்டி "இந்த இடத்தில் கறை" என்கிறார். நிழல் என்று சொன்னால் நம்ப மாட்டேன் என்கிறார்.

பதில்: சண்டை வேண்டாம். கேமராவும் துணியும் அசையாமல், நான்கு நிமிஷ இடைவெளியில் இரண்டு படம் எடுத்து வைத்துக்கொள்வது இவர் வழக்கம். அதற்குள் சூரியன் ஒரு டிகிரி நகர்ந்துவிடும். ஐந்து மீட்டர் தள்ளியிருக்கும் இலையின் நிழல் துணியில் எட்டு சென்டிமீட்டர் போல விலகியிருக்கும். விலகினால் நிழல், அதே இடத்தில் நின்றால் கறை. காற்றில் கிளை ஆடும்போது இந்தச் சோதனை செல்லாது.

கிட்டே இருக்கும் இலைகளில் விலகல் குறைவு. ஒரு மீட்டர் தூரமென்றால் நான்கு நிமிஷத்தில் ஒன்றரை சென்டிமீட்டர் போலத்தான் நகரும், அதனால் பத்து நிமிஷமாவது காத்திருக்க வேண்டும்.

கேள்வி: வெளுத்துப்போன திட்டுகளை ஆப்பில் இருட்டாக்கினேன். சாம்பல் பூசினதுபோல் ஆகிவிட்டதே?

பதில்: அங்கே படமே பதிவாகவில்லை. இல்லாததை எந்த ஆப் திருப்பித் தரும்?

கேள்வி: எனக்கு இலை நிழல் பிடிக்கும். குர்தாவில் வேண்டுமென்றே விழ வைக்கலாமா?

பதில்: தாராளமாக. ஆனால் பூப்போட்ட துணியில் வேண்டாம், பூவும் இலையும் கலந்து குழம்பும். ஒற்றை நிற, நடுத்தர அடர்த்தியுள்ள பருத்தி நல்லது. ஒடித்த கிளையை ஒரு மீட்டருக்குள் பிடித்தால் இலை கூர்மையாக விழும். முகம் முழுக்க வெயிலில், அல்லது முழுக்க நிழலில் இருக்கட்டும். மூக்கின்மேல் பாதி இலை விழுந்த படங்கள் அவரிடம் ஒரு பெட்டி நிறைய இருக்கின்றன. பெரும்பாலும் கல்யாணப் படங்கள்.