‘விருப்பம் இருக்கறவங்க இருங்க’: ஓவர்டைம் பற்றிய சில நம்பிக்கைகள்

திருப்பூர் பக்கம் ஏற்றுமதி ஆர்டர் எடுக்கும் பனியன் கம்பெனி ஒன்றை எடுத்துக்கொள்வோம். கன்டெய்னர் கிளம்பும் தேதி நெருங்கிவிட்டது. மாலை 5:15-க்கு லைன் சூப்பர்வைசர் வந்து, “விருப்பம் இருக்கறவங்க இருங்க, மத்தவங்க போலாமுங்க” என்கிறார். வார்த்தையில் குறை எதுவும் இல்லை. ஆனால் பல்லடம் தாண்டி உள்ள ஊர்களுக்குப் போகும் கம்பெனி வேன் அன்று 8:30-க்குத்தான் எடுக்கும் என்பது ஃப்ளோரில் எல்லோருக்கும் தெரியும். போகலாம் என்று சொல்லப்பட்டவர்களுக்குப் போக வழி இல்லை. எனவே எல்லோரும் இருக்கிறார்கள். அன்றைய பதிவேட்டில் அது ‘விருப்ப ஓவர்டைம்’ என்று ஏறுகிறது.

சூப்பர்வைசர் பொய் சொல்லவில்லை. கேட்டால் போதும், அது வேண்டுகோள் ஆகிவிடும் என்று நம்புகிறார். இதுபோன்ற நம்பிக்கைகள் இன்னும் சில உண்டு.

நம்பிக்கை: யாருமே மாட்டேன் என்று சொல்லவில்லை. அப்படியானால் சம்மதம்தான்.

முப்பது பேர் உள்ள லைனில் ஓர் ஆண்டாக ஒருவர்கூட மறுக்கவில்லை என்றால், நான் அதைச் சந்தேகத்தோடுதான் பார்ப்பேன். முப்பது வீடுகளில் ஒரு நாள்கூடக் குழந்தைக்குக் காய்ச்சல் வரவில்லையா, ஊரில் நோம்பி இல்லையா, தண்ணீர் வரும் நாள் இல்லையா? மறுக்க வாய்ப்பு இருக்கும் இடத்தில் சிலர் மறுத்தே தீருவார்கள்.

மறுப்பை விழுங்க வைப்பது பெரும்பாலும் மிரட்டல் அல்ல. போன மாதம் 5:30-க்குக் கிளம்பிய அக்காவை அடுத்த வாரமே பழகாத மெஷினுக்கு மாற்றினார்கள். வேறொருவர் லீவு கேட்டபோது, “அன்னைக்கு நீங்க இருக்கலயே” என்ற பதில் வந்தது. ஃப்ளோரில் இதை யாரும் விளக்கிச் சொல்ல வேண்டியதில்லை. கட்டாய உழைப்பு பற்றிய ஐ.எல்.ஓ.வின் 29-ஆம் உடன்படிக்கை 1930-இல் வந்தது. இந்தியா அதை 1954-இல் ஏற்றது. ஏதேனும் தண்டனைக்குப் பயந்து, தானாக முன்வராமல் செய்யும் வேலை கட்டாய உழைப்பு என்கிறது அது. தண்டனை என்றால் அடி உதை மட்டும் அல்ல, இருக்கும் சலுகை பறிபோவதும் அதில் சேரும் என்பது ஐ.எல்.ஓ.வின் விளக்கம்.

கையை உயர்த்தச் சொல்லிக் கேட்பதும் இதே சிக்கல்தான். பக்கத்து மெஷின்காரர் கை தூக்கும்போது தான் மட்டும் தூக்காமல் இருப்பது எளிதல்ல. முந்தின நாளே ஆளுக்கொரு துண்டுச் சீட்டு கொடுத்து, ‘இருக்கிறேன்’, ‘இல்லை’ என்ற இரண்டில் ஒன்றை டிக் அடித்து மறுநாள் காலையில் பெட்டியில் போடச் சொன்னால் போதும். சீட்டில் காரணம் எழுத இடம் விடக் கூடாது.

நம்பிக்கை: காரணம் கேட்பது அக்கறை.

“ஏங்கக்கா, வீட்டுல எதாச்சும் விசேசமா?” என்று சூப்பர்வைசர் கேட்பது கனிவாகத்தான் இருக்கும். ஆனால் காரணம் கேட்ட நொடியில் மறுப்பு விண்ணப்பமாகிவிடுகிறது. காரணம் போதுமானதா இல்லையா என்று பார்க்கும் அதிகாரம் கேட்டவர் கைக்குப் போய்விடுகிறது. மாமியாருக்கு உடம்பு சரியில்லை என்றால் சரி, அசதியாக இருக்கிறது என்றால் சரியில்லை என்று ஆகும். சும்மா வீட்டுக்குப் போக வேண்டும் என்று சொல்லவே முடியாது. பிறகு எல்லோரும் மாமியாரைப் படுக்க வைப்பார்கள்.

“இருக்க முடியலைன்னா இல்லைன்னு மட்டும் சொல்லுங்க, ஏன்னு கேக்க மாட்டேனுங்க” என்று கேட்கும்போதே சொல்லிவிடுவது நல்லது. சொன்ன பிறகு உண்மையிலேயே கேட்காமல் இருப்பதுதான் கஷ்டம்.

நம்பிக்கை: வேலைக்குச் சேரும்போதே சம்மதக் கையெழுத்து வாங்கிவிட்டோம்.

சேரும் நாளில் நீட்டிய ஏழெட்டுத் தாள்களில் அதுவும் ஒன்று. எந்த நாள், எத்தனை மணி நேரம் என்று தெரியாமல் போட்ட கையெழுத்து, மூன்று மாதம் கழித்து வரும் ஒரு செவ்வாய்க்கிழமைக்குச் சம்மதம் ஆகாது. 2025 நவம்பர் 21-இல் நடைமுறைக்கு வந்த தொழில்சார் பாதுகாப்பு, சுகாதாரம், பணிநிலைமைகள் தொகுப்புச் சட்டம், தொழிலாளியின் சம்மதத்தோடுதான் ஓவர்டைம் வாங்க வேண்டும் என்கிறது. வெளிநாட்டு பையர்கள் கேட்கும் எஸ்.ஏ.8000 தரநிலையும் ஓவர்டைம் விருப்பத்தின் பேரில்தான் இருக்க வேண்டும், வாரத்துக்கு 12 மணி நேரத்தைத் தாண்டக் கூடாது, வாடிக்கையாகக் கேட்கக் கூடாது என்று சொல்கிறது. இந்த ‘வாடிக்கையாக’ என்பதைத்தான் பலர் கண்டுகொள்வதில்லை. வாராவாரம் கேட்டால் அது வேலை நேரத்தின் ஒரு பகுதியாகவே ஆகிவிடும்.

நம்பிக்கை: அவர்களே ஒன்றரை ஷிப்ட் கேட்கிறார்கள். கொடுப்பது உதவி.

இதில் பாதி உண்மை. ஓவர்டைம் இல்லாத கம்பெனியை விட்டு, இருக்கும் கம்பெனிக்குப் போகிறவர்கள் உண்டு. எட்டு மணி நேரக் கூலியில் வாடகையும் சீட்டுப் பணமும் கட்டி முடியாது என்பதால்தான் போகிறார்கள். அந்தத் தேவையை லைன் சூப்பர்வைசர் தீர்க்க முடியாது. அதைச் சம்மதம் என்று எழுதிக்கொள்ளாமல் இருக்க முடியும்.

ஒன்றரை ஷிப்ட் என்ற கணக்கையும் பார்த்துவிடலாம். ஷிப்டுக்கு 600 ரூபாய் என்று வைத்துக்கொண்டால் மணிக்கு 75 ரூபாய். மேலே நான்கு மணி நேரம் இருந்தால் அரை ஷிப்ட் என்று 300 ரூபாய் சேர்க்கும் வழக்கம் உண்டு. முன்பிருந்த 1948-ஆம் ஆண்டுத் தொழிற்சாலைகள் சட்டத்தின் 59-ஆம் பிரிவும் சரி, இப்போதைய தொகுப்புச் சட்டமும் சரி, ஓவர்டைமுக்கு இரட்டிப்புக் கூலி என்கின்றன. நான்கு மணி நேரத்துக்கு மணிக்கு 150 வீதம் 600 ரூபாய் வர வேண்டும், அதாவது ஒரு முழு ஷிப்ட். ஆகவே கேட்கிறவர் தொகையையும் சேர்த்தே சொல்ல வேண்டும்: “ரெண்டு மணி நேரம், 300 ரூபா, சனிக்கிழமை கூலியோட சேந்து வரும்.” தொகை தெரியாமல் ஒருவர் எதற்குச் சம்மதித்தார் என்று யாராலும் சொல்ல முடியாது.

இருப்பவர்களுக்கு மட்டும் தீபாவளி போனஸில் கூடுதல் என்பது போன்ற இனாம்களையும் தவிர்க்கலாம். இருக்காதவருக்கு அது அபராதமாகத்தான் போய்ச் சேரும்.

நம்பிக்கை: ஒருவர் போனாலும் லைன் நின்றுவிடும். எல்லோரையும் இருக்கச் சொல்வதைத் தவிர வழியில்லை.

நல்ல சூப்பர்வைசர்களும் இதை நம்புகிறார்கள். பெரும்பாலான நேரங்களில் கணக்குப் போட்டுப் பார்க்காததுதான் காரணம்.

ஒரு டி-சர்ட் லைனை உதாரணமாக வைத்துக்கொள்வோம். முப்பது பேர். மணிக்கு 100 பீஸ், எட்டு மணி நேரத்தில் 800. திங்கள் முதல் சனி வரை ஆறு நாளில் 4,800 பீஸ் வரும். ஆர்டருக்கு வேண்டியது 5,400, அதாவது 600 குறைகிறது. வழக்கமான தீர்வு என்னவென்றால், முழு லைனையும் மொத்தம் ஆறு மணி நேரம் கூடுதலாக ஓட்டுவது. முப்பது பேருக்கு ஆறு மணி நேரம் என்றால் 180 மணி நேர ஓவர்டைம்.

ஆனால் லைன் ஏன் 100-இல் நிற்கிறது? ஒவ்வொரு ஆபரேஷனையும் தனித்தனியாக எண்ணிப் பார்த்தால் தெரியும். தோள் கூட்டுவது, கை ஏற்றுவது, சைடு அடிப்பது எல்லாம் மணிக்கு 125 பீஸ் தாங்கும். அடி மடிக்கும் இரண்டு பேட்லாக் மெஷின்கள் சேர்ந்துதான் 100 தருகின்றன. செக்கிங், பேக்கிங் ஆட்களுக்கும் 125 வரை முடியும். எல்லோரும் காத்திருப்பது அந்த இரண்டு மெஷின்களுக்காக. பேட்லாக் முன்னால் பீஸ் தேங்கினால் சூப்பர்வைசர் சத்தம் போடுவார் என்பதால் முன்னால் உள்ளவர்களும் வேகத்தைக் குறைத்துக்கொள்கிறார்கள்.

இந்த வாரம் தேங்கட்டும் என்று விட்டால், மணிக்கு 25 வீதம் திங்கள் மாலைக்குள் அடி மடிக்காத பீஸ் 200 சேர்ந்திருக்கும். இரண்டு பேட்லாக் டெய்லர்களும் அவர்களுக்கு இரண்டு கைமடிகளும் 7:30 வரை இருந்தால் அந்த 200 முடிந்துவிடும். மறுநாள் பகலில் செக்கிங் பார்த்துக்கொள்ளலாம். திங்கள், செவ்வாய், புதன் மூன்று நாள் இப்படிச் செய்தால் 600 பீஸ். நான்கு பேருக்கு ஆறு மணி நேரம், மொத்தம் 24 மணி நேரம். 180 எங்கே, 24 எங்கே! ஒருவருக்கு அந்த வாரம் 54 மணி நேரம்தான் ஆகிறது.

பணம் மிச்சமாவதோடு கேட்கும் விதமும் மாறிவிடுகிறது. வேண்டியது இரண்டு பேட்லாக் டெய்லர்கள். லைனில் அந்த மெஷின் தெரிந்தவர்கள் ஐந்து பேர் என்றால், ஐந்து பேரிடமும் முந்தின வாரம் வெள்ளிக்கிழமையே சீட்டு கொடுக்கலாம். மூன்று பேர் இல்லை என்றாலும் வேலை நடக்கும். மறுப்பவர் மற்ற இருபத்தொன்பது பேரின் வயிற்றில் அடிக்கவில்லை. அவரைப் பார்த்து யாரும் முகம் சுளிக்க வேண்டியதில்லை. அவருக்கும் அது தெரியும். 5:30 வேன் வழக்கம்போல எடுக்க வேண்டும். இருப்பவர்களுக்கு 7:30-க்கு ஒரு கார் போதும்.

ஒருவர்தான் சம்மதித்தார் என்றால்? அப்போது 300 பீஸ் குறையும். பக்கத்து லைனில் சும்மா இருக்கும் பேட்லாக்கைப் பகலில் வாங்கி ஓட்டலாம், அல்லது அடி மடிப்பை மட்டும் வெளியே ஜாப் ஒர்க்குக்குக் கொடுக்கலாம். ஒருவருமே இல்லை என்றால், சனிக்கிழமை காலையிலேயே மெர்ச்சண்டைசரிடம் சொல்லி, 600 பீஸை அடுத்த கன்டெய்னரில் அனுப்ப பையரிடம் கேட்க வேண்டும். ஒரு வாரம் முன்னால் இப்படிக் கேட்டால் பேச இடம் இருக்கும். கன்டெய்னர் வாசலில் நிற்கும்போது கேட்டால் இருக்காது. சீட்டை அச்சடிப்பதற்கு முன்பே இந்த மூன்று பதில்களும் சூப்பர்வைசரின் நோட்டில் எழுதப்பட்டிருக்க வேண்டும். இல்லாவிட்டால் எவ்வளவு இனிமையாகக் கேட்டாலும் அவரால் ‘இல்லை’யைத் தாங்க முடியாது. அது அவர் முகத்தில் தெரிந்துவிடும்.

எல்லா லைனிலும் இப்படி ஒரே இடத்தில் அடைப்பு இருக்காது. எல்லா ஆபரேஷனும் சமமாக ஓடும் லைனில் ஆர்டரே அளவுக்கு மீறி எடுக்கப்பட்டிருந்தால், தவறு நடந்த இடம் தையல் ஃப்ளோர் அல்ல, ஆர்டர் எடுத்த ஆபீஸ். அதை நாள்தோறும் இரண்டு மணி நேரம் கேட்டு அடைக்க முயன்றால் வேண்டுகோள் எல்லாம் வாடிக்கையாகிவிடும்.

கேட்ட விதம் சரியாக இருந்ததா என்று பார்க்க பஞ்ச் நேரத்தைப் புரட்டலாம். முப்பது பேரும் 8:31-க்கும் 8:34-க்கும் இடையில் வெளியேறியிருந்தால், அங்கே தனித்தனியாக யாரும் முடிவு எடுக்கவில்லை. ‘இல்லை’ என்று டிக் அடித்தவர்களின் சீட்டை மூன்று மாதம் வைத்திருந்து, அவர்களுடைய மெஷின் மாற்றம், லீவு விண்ணப்பம், வேலையை விட்டு நின்ற தேதி ஆகியவற்றோடு ஒப்பிட்டுப் பார்ப்பது இன்னும் நல்லது. அந்த வேலையைச் சீட்டு கொடுத்த சூப்பர்வைசரிடம் விடாமல், எச்.ஆர்.-இல் உள்ள வேறொருவர் செய்ய வேண்டும்.