கல்லா மூடும் நேரத்தில் ஒரு பக்கம்

கேள்வி: பெங்களூரு பசவனகுடியில் அப்பா தர்ஷினி நடத்துகிறார். பில் மெஷின் கணக்கை வைத்து அவருக்கு ஒரு டாஷ்போர்டு செய்து கொடுத்தேன். பதினான்கு படங்கள், நான்கு வட்ட மீட்டர்கள். இரவு கல்லா மூடும்போது போனில் ஒரு நிமிடம் பார்த்துவிட்டு, "நல்லா இருக்கும்மா" என்று வைத்துவிடுகிறார். எதை மாற்றுவது?

பதில்: அந்த நேரத்தில் அப்பா எதை முடிவு செய்கிறார் என்று முதலில் எழுதிப் பாருங்கள். நாளை எவ்வளவு அரிசி ஊறப்போடுவது, கல்லாவில் பணம் சரியா, காலையில் யாருக்குப் பாக்கி கொடுப்பது. இந்த மூன்றுக்கும் உதவாத படம் எவ்வளவு அழகாக இருந்தாலும் எடுத்துவிடுங்கள்.

மேலே பெரிய எழுத்தில் இன்றைய விற்பனை வரட்டும். அதை நேற்றோடு ஒப்பிடாதீர்கள்; ஞாயிறு கூட்டம் வேறு, திங்கள் கூட்டம் வேறு. இன்று திங்கள், விற்பனை 41,200 ரூபாய் என்று வையுங்கள். முந்தைய நான்கு திங்கள்களில் 44,000, 43,500, 28,000, 44,500. அந்த 28,000 பந்த் நடந்த நாள். சராசரி எடுத்தால் 40,000 வரும். இன்று வியாபாரம் கூடியது போலத் தெரியும். நடு மதிப்பு எடுத்தால் 43,750. உண்மையில் 2,550 ரூபாய் குறைந்திருக்கிறது. ஷீட்டில் இதற்கான சூத்திரம் சின்னதுதான்:

```
=MEDIAN(B2:B5)
```

இனி முக்கியமான இடம். ஏன் குறைந்தது? ஆள் வரவில்லையா, மாவு தீர்ந்துவிட்டதா? விற்பனைத் தொகை இதைச் சொல்லாது. 1983-இல் ஜெயநகரில் கஃபே தர்ஷினி தொடங்கிவைத்த இந்த நின்றுகொண்டு சாப்பிடும் முறையில், குறைந்த விலைக்கு நிறைய பேருக்குக் கொடுத்துத்தான் லாபம். காலைக் கூட்டத்தில் இட்லி இல்லையென்றால் அந்த வியாபாரம் மாலையில் திரும்பி வராது. எனவே விற்பனைக்குப் பக்கத்திலேயே "இட்லி மாவு 9.30-க்குத் தீர்ந்தது" அல்லது "4 லிட்டர் மீந்தது" என்று ஒரு வரி. இதை பில் மெஷின் தராது. சமையல்காரரிடம் கேட்டு தினமும் ஒருவர் பதிய வேண்டும். அந்தச் சிரமம் எடுக்கத் தகுந்தது.

இரண்டாவது வரியில் பில் தொகைக்கும், ரொக்கமும் யூபிஐயும் சேர்ந்த தொகைக்கும் உள்ள வித்தியாசம். மூன்றாவதில் நாளைய பாக்கிகள். வட்ட மீட்டர்கள் போகட்டும். நிறைய இடத்தை அடைத்துக்கொண்டு ஒரே ஓர் எண்ணைக் காட்டுபவை அவை. டாஷ்போர்டு வடிவமைப்பைப் பற்றி விரிவாக எழுதிய ஸ்டீபன் ஃபியூ அவற்றுக்குப் பதிலாகத்தான் ஒரே பட்டையில் அடங்கும் புல்லட் படத்தை உருவாக்கினார். எல்லாம் கறுப்பு எழுத்தில் இருக்கட்டும். வழக்கத்தை மீறிய வரிக்கு மட்டும் சிவப்பு.

கணக்கு கடைசியாக எப்போது வந்தது என்ற நேரத்தையும் போடுங்கள். நெட் அறுந்து பாதி பில் வராமல் இருந்தால், வியாபாரம் படுத்துவிட்டதாக அப்பா நினைத்துக்கொள்வார். அப்படிப்பட்ட நாளில் எண்ணுக்குப் பதில் "கணக்கு முழுதாக வரவில்லை" என்றே காட்ட வேண்டும்.

முடித்ததும் ஒரு நிமிடம் காட்டிவிட்டு போனை வாங்கிக்கொண்டு, நாளை அரிசி எவ்வளவு என்று அப்பாவிடம் கேளுங்கள். போனைத் திரும்பக் கேட்டாரானால், இன்னும் எடுக்க வேண்டியது ஏதோ பக்கத்தில் இருக்கிறது.