தூக்கம் குறைந்தால் பசி ஏன் கூடுகிறது?

இணைப்பாட நடவடிக்கை முடிந்து மாலை ஏழு மணிக்கு டோபி காட் நிலையத்தில் ரயில் மாறும் மாணவர்களை அடிக்கடி பார்க்கிறேன். ரயிலில் சாப்பிடக் கூடாது என்பதால், வெளியே நின்றபடியே ஒரு பொட்டலம் வறுவலைக் காலி செய்துவிட்டுத்தான் இறங்குவார்கள். பயிற்சி செய்தால் பசிக்கத்தானே செய்யும் என்பீர்கள். உண்மைதான். ஆனால் முந்தைய இரவு எத்தனை மணி நேரம் தூங்கினீர்கள் என்பதையும் எண்ணிப் பாருங்கள்.

நம் உடலில் பசியோடு தொடர்புடைய இரண்டு ஹார்மோன்கள் உள்ளன. இரைப்பையில் சுரக்கும் கிரெலின், “சாப்பிடு” என்று மூளைக்குச் சொல்லும். கொழுப்புத் திசுவிலிருந்து வரும் லெப்டின், “போதும்” என்று சொல்லும். சிக்காகோ பல்கலைக்கழக ஆய்வாளர்கள் 2004ஆம் ஆண்டு வெளியிட்ட ஓர் ஆய்வில், 12 இளைஞர்களை இரண்டு இரவுகள் நான்கு மணி நேரம் மட்டும் படுக்க வைத்தனர். வேறொரு முறை அதே இளைஞர்களை இரண்டு இரவுகள் பத்து மணி நேரம் படுக்க வைத்தனர். இரு முறையும் அவர்களுக்குக் கிடைத்த கலோரி ஒரே அளவு. ஆனாலும் தூக்கம் குறைந்தபோது லெப்டின் 18 விழுக்காடு குறைந்தது. கிரெலின் 28 விழுக்காடு கூடியது. பசியும் கூடியது, அதிலும் இனிப்பும் உப்பும் மாவும் நிறைந்த உணவின் மீது. வறுவல் பொட்டலம் நினைவுக்கு வருகிறதா? பன்னிரண்டு பேர் என்பது சிறிய எண்ணிக்கைதான். பின்னர் வந்த ஆய்வுகளில் ஹார்மோன் அளவுகள் எல்லாவற்றிலும் இப்படியே மாறவில்லை. ஆனால் தூக்கம் குறைந்தவர்கள் கூடுதலாகச் சாப்பிடுவது திரும்பத் திரும்பத் தெரிய வந்துள்ளது.

அடுத்தது தசை. ஓடும்போது தசை நார்களில் ஏற்படும் நுண்ணிய சிதைவுகளை, உடல் புதிய புரதம் கொண்டு சரிசெய்கிறது. ஓர் இரவு முழுவதும் விழித்திருந்தவர்களிடம் இந்தப் புரத உற்பத்தி 18 விழுக்காடு குறைந்ததை 2021இல் வெளிவந்த ஆஸ்திரேலிய ஆய்வு ஒன்று காட்டியது. வளர்ச்சி ஹார்மோனும் பெரும்பாலும் இரவின் முற்பகுதியில் வரும் ஆழ்ந்த தூக்கத்தில்தான் சுரக்கிறது. பயிற்சி முடிந்து இரண்டு நாளாகியும் கால் வலி குறையவில்லை என்றால், பயிற்சியை மட்டும் குறை சொல்லாதீர்கள்.

வார இறுதியில் தூங்கிச் சரிக்கட்டலாமா? டியூக்-என்யுஎஸ் மருத்துவப் பள்ளி இங்குள்ள பதின்ம வயதினரிடம் சோதித்தது. ஒரு வாரம் இரவுக்கு ஐந்து மணி நேரமே படுத்தவர்களின் கவனம், பிறகு இரண்டு இரவுகள் ஒன்பது மணி நேரம் படுத்த பின்னரும் பழைய நிலைக்கு வரவில்லை.

எனவே பின்னோக்கிக் கணக்கிடுங்கள். காலை 5.45க்கு எழ வேண்டும், எட்டு மணி நேரத் தூக்கம் வேண்டும் என்றால், இரவு 9.45க்குத் தூங்கியிருக்க வேண்டும். ஒன்பதே காலுக்கு விளக்கை மங்கலாக்கிக் கைப்பேசியைக் கூடத்தில் மின்னேற்றம் செய்ய வையுங்கள். கண்ணில் படும் வெளிச்சம் மெலடோனின் சுரப்பைத் தள்ளிப்போடும். மாலை ஆறு மணிக்குக் குடித்த தேநீரின் காஃபீனில் ஏறக்குறைய பாதி, இரவு பதினொன்றுக்கும் உடலில் இருக்கும். ஆகவே பயிற்சிக்குப் பின் தண்ணீர் போதும், இரவு உணவையும் எட்டு மணிக்குள் முடித்துவிடுங்கள். வீட்டுப்பாடம் மிச்சமிருந்தால்? எங்களிடம் வந்து சொல்லுங்கள். ஆசிரியர்களும் கொஞ்சம் கணக்குப் போட வேண்டியிருக்கிறது.