கறக்காத கிடாரி தந்த இலாபம்

கேள்வி: மடுல்சீமையில் எங்கள் கம்பனி தேயிலையோடு சிறு மாட்டுப்பட்டியும் வைத்திருக்கிறது. ஒரு மாடும் விற்கவில்லை. கிடாரிகள் இந்த வருடம்தான் கன்று ஈனத் தொடங்கின. ஆனாலும் வருட முடிவில் மாடுகளால் பத்து இலட்சத்துக்கு மேல் இலாபம் என்கிறார் கணக்காளர். தேயிலைச் செடிக்கு இப்படி எழுதுவதில்லையே?

பதில்: 2016 வரை தேயிலைச் செடியும் இதே எல்.கே.ஏ.எஸ். 41 நியமத்துக்குள்தான் இருந்தது. அந்த வருடம் முதல் செடி மட்டும் கட்டடம், இயந்திரம் போன்ற சொத்துகளோடு சேர்ந்தது. பறித்த கொழுந்து போனாலும் செடி நிற்கிறது, பசுவும் அப்படித்தானே என்று கேட்கலாம். ஆனால் அந்த விலக்கைத் தாவரங்களுக்கு மட்டுமே கொடுத்தார்கள். ஆகவே பசுவை ஒவ்வொரு வருட முடிவிலும் நியாயப் பெறுமதியில் மதிக்க வேண்டும்; வித்தியாசம் இலாப நட்டக் கணக்குக்கே போகும்.

உங்கள் தொகை எப்படி வந்திருக்கும் என்பதற்கு ஓர் உத்தேசக் கணக்கு. வருடத் தொடக்கத்தில் இரண்டு வயதுக் கிடாரிகள் 10, ஒன்று 2,00,000 ரூபா. மொத்தம் 20 இலட்சம். முடிவில் அவை மூன்று வயது மாடுகள், ஒன்று 3,00,000 ரூபா. இதுவரை பிறந்த கன்று ஒன்றுதான், அதன் விலை 50,000. மொத்தம் 30,50,000, ஆதாயம் 10,50,000.

இதை இரண்டாகப் பிரித்துப் பாருங்கள். வருட முடிவில் இரண்டு வயதுக் கிடாரியின் விலை 2,20,000 என்றால், தலைக்கு 20,000 வீதம் 2 இலட்சம் சந்தை விலை ஏறியதால் வந்தது. மீதி 8,50,000 மாடு வளர்ந்ததாலும் கன்று பிறந்ததாலும் வந்தது. பிரித்துக் காட்டுவது கட்டாயமில்லை, நியமம் ஊக்குவிக்கிறது. நானென்றால் காட்டாமல் விடமாட்டேன். விலைப் பங்கு பெரிதாக இருந்து, அதே வயது, அதே இனம், அதே கறவையுள்ள மாடு பக்கத்தில் என்ன விலைக்குப் போனது என்பதற்குச் சான்று இல்லையென்றால், கணக்காய்வாளர் அங்கேதான் பிடிப்பார். இறக்குமதி மாட்டின் விலையை உள்ளூர்க் கலப்பினத்துக்குப் போடுவது வழக்கமான பிழை. காதுப் பட்டி எண்ணோடு தலைகளை எண்ணாமல் விட்டால், செத்த மாடும் பெறுமதியில் நிற்கும்.

சந்தைக்கு லொறியில் ஏற்றும் செலவைக் கழித்த பின்னரே நியாயப் பெறுமதி. தரகுக் கூலி விற்பனைச் செலவாக அதற்கு மேலும் கழிபடும். மேலே உள்ள விலைகள் இரண்டையும் கழித்தவை.

இந்த ஆதாயத்தால் புண்ணாக்கு வாங்க முடியாது. காசுப் பாய்ச்சல் கூற்றில் அது இலாபத்திலிருந்து கழிபடும். பசுக்களுக்குப் பெறுமானத் தேய்வும் இல்லை. அவை கிழடாகிக் கறவை குறையும்போது இறங்கும் விலை அந்தந்த வருட நட்டமாக வரும். பங்கிலாபம் கொடுப்பதென்றால், 2007ஆம் ஆண்டு 7ஆம் இலக்கக் கம்பனிச் சட்டத்தின் கடன் தீர்க்கும் வல்லமைச் சோதனையில், கடன்களை உரிய காலத்தில் கட்ட முடியுமா என்று இயக்குநர் சபை பார்த்தாக வேண்டும். அந்தக் கேள்விக்கு இந்தப் பத்தரை இலட்சம் பதிலாகாது.