பற்றுச்சீட்டு இல்லாத செலவுகள்

பலசரக்குக் கடை உரிமையாளர் ஒருவர் தமது கணக்காளருக்கு அனுப்பிய மின்னஞ்சலை வாசிக்க.

"ஐயா, இம்மாதக் காசுப்பெட்டியில் ரூபா 7,500 இற்குப் பற்றுச்சீட்டு இல்லை. மின்கட்டணம் 3,200, கட்டிய சீட்டைத் தொலைத்துவிட்டேன். லொறிக்கூலி 1,500, மூட்டை இறக்கிய கூலி 800. அவர்கள் சீட்டுத் தருவதில்லை. மீதி 2,000 எதற்கென்று நினைவில்லை, வீட்டுத்தேவைக்கு எடுத்திருப்பேன். எல்லாவற்றையும் செலவாகப் பதியலாமா? நன்றி."

இங்கு மூன்று நிலைமைகள் உள்ளன. மின்கட்டணச் சீட்டு தொலைந்தாலும் கொடுப்பனவு மின்சாரசபையின் பதிவில் இருக்கும். ஆகவே கணக்கு இலக்கத்தைக் கொடுத்து அதனை உறுதிப்படுத்திப் பெறலாம்.

கூலிகளுக்கு வெளியார் ஆவணம் கிடைக்காது. எனவே கடையே சில்லறைக் காசு உறுதிச்சீட்டைத் தயாரிக்க வேண்டும். அதில் பணம் பெற்றவர் பெயர், காரணம், தொகை, கொடுத்த திகதி என்பவற்றை எழுதி, அவர் அடுத்தமுறை வரும்போது கையொப்பம் பெறவேண்டும். சீட்டு பின்னர் எழுதப்பட்டதாயின் எழுதிய திகதியையும் தனியாகக் குறிக்க வேண்டும். பழைய திகதியிட்டுப் பொய்ச் சீட்டு எழுதுவது மோசடியாகும்.

மீதி 2,000 வியாபாரச் செலவன்று. மாணவர் பலர் இவ்விடத்திலேயே தவறுவர். சரியான பதிவு:

எடுப்பனவுக் கணக்கு வரவு 2,000
காசுக் கணக்கு செலவு 2,000

இலாபநட்டக் கணக்கிற்குச் செல்வது 5,500 மட்டுமே. முழுத்தொகையையும் செலவாக எழுதினால் இலாபம் 2,000 ஆல் குறைவாகக் காட்டப்படும்.