இருபத்தாறு நெடுவரிசை தள்ளிப்போன தோழி



போன மாதம் கணினி ஆய்வகத்தில் நான் செய்த தப்பு ஒன்றை இந்தத் தாளில் எழுதுகிறேன். படித்துவிட்டுச் சிரிக்கலாம். ஆனால் கணக்கையும் ஒருமுறை போட்டுப் பாருங்கள்.

எங்கள் வகுப்பு வருகைப் பதிவேட்டை எக்செல்லில் ஏற்றும் வேலை நடந்தது. முதல் நெடுவரிசையில் எண், இரண்டாவதில் பெயர். மூன்றாவதிலிருந்து ஒரு பள்ளி நாளுக்கு ஒரு நெடுவரிசை. யார் எந்த நாள் வரவில்லை என்ற பட்டியலைச் சார் அச்செடுத்துக் கொடுத்தார். அதில் R12C52 என்று இருந்தது. R என்றால் கிடைவரிசை, C என்றால் நெடுவரிசை. அதாவது 12-வது கிடைவரிசை, 52-வது நெடுவரிசை. ஆனால் திரையில் நெடுவரிசைக்கு மேலே எண் இல்லை, A, B, C என்று எழுத்துதான் இருக்கிறது. எண்ணை எழுத்தாக மாற்றிச் சொல்வது என் வேலை. தட்டச்சு செய்தது என் பக்கத்து பெஞ்ச் தோழி.

ஏன் இப்படி இரண்டு முறை? 1979-இல் வந்த விசிகால்க் என்ற, தனிநபர் கணினிக்கான முதல் விரிதாள் மென்பொருள் எழுத்து முறையைப் பயன்படுத்தியது. 1982-இல் மைக்ரோசாப்ட் கொண்டுவந்த மல்டிபிளான் எண் முறையைப் பயன்படுத்தியது. அதற்குப் பின் வந்த எக்செல் இரண்டையும் வைத்துக்கொண்டது. அதனால்தான் இன்றும் இந்த மாற்றும் வேலை நமக்கு வருகிறது.

நான் போட்ட கணக்கு இதுதான். A-க்கு 1, B-க்கு 2, Z-க்கு 26. எண்ணை 26-ஆல் வகுக்க வேண்டும். மீதி கடைசி எழுத்து, ஈவு அதற்கு முந்தைய எழுத்து. 55 என்றால் ஈவு 2, மீதி 3. ஆக BC. சரியான விடை. முதல் பத்து வரியைச் சரிபார்த்தேன், எல்லாம் சரி. அப்புறம் சரிபார்ப்பதை விட்டுவிட்டேன்.

52 வந்தது. ஈவு 2, மீதி 0. பூஜ்யத்துக்கு எழுத்து இல்லையே! மீதி பூஜ்யம் என்றால் Z-தானே என்று நினைத்து BZ12 என்று சொன்னேன். தோழியும் அங்கே 'வரவில்லை' என்று போட்டுவிட்டாள்.

BZ என்பது 78-வது நெடுவரிசை. அது 76-வது பள்ளி நாள். அன்றைக்குத்தான் செய்முறைத் தேர்வு. 12-வது கிடைவரிசையில் இருப்பவள் சதுரங்கப்பட்டினத்திலிருந்து வருகிற எங்கள் தோழி. அவள் வராதது 50-வது நாள். தேர்வன்று வந்து, எழுதியும் இருந்தாள். பதிவேட்டிலோ தேர்வுக்கு வரவில்லை என்று இருந்தது. மதிப்பெண் பட்டியலில் அவள் பெயருக்கு நேராகக் கோடு போட்டிருந்தார்கள். பாவம், அழுதுவிட்டாள். விடைத்தாளைத் தேடி எடுத்த பிறகுதான் என் தப்பு என்று தெரிந்தது.

தப்பு எங்கே? நாம் பழகிய எண்களில் 0 முதல் 9 வரை இருக்கிறது. நெடுவரிசை எழுத்துகளில் பூஜ்யமே கிடையாது, 1 முதல் 26 வரைதான். ஆகவே 52-ஐ இரண்டு முழு இருபத்தாறு என்று பிரிக்கக் கூடாது. ஒரு இருபத்தாறும், மீதி இருபத்தாறும் என்று பிரிக்க வேண்டும். 1 என்பது A, 26 என்பது Z. ஆக AZ. Z-க்காக ஒரு முழு இருபத்தாறைக் கடன் கொடுத்துவிட்டோம், அதனால் ஈவில் ஒன்று குறைய வேண்டும். நான் Z-ஐ எழுதினேன், கடனைக் கழிக்கவில்லை. அதனால் சரியாக 26 நெடுவரிசை தள்ளிப்போனது.

சரியான முறையைச் சுருக்கமாகச் சொல்கிறேன். எண்ணை 26-ஆல் வகுங்கள். மீதி இருந்தால் அந்த எழுத்தை எழுதுங்கள். மீதி 0 என்றால் Z எழுதி, ஈவில் 1 கழியுங்கள். ஈவை மறுபடி 26-ஆல் வகுத்து இதையே செய்யுங்கள். ஈவு 0 ஆனதும் நிறுத்துங்கள். எழுத்துகளை வலமிருந்து இடமாக எழுதிக்கொண்டே வரவேண்டும். 702-ஐப் போட்டுப் பாருங்கள். ஈவு 27, மீதி 0. Z எழுதி, ஈவு 26. மறுபடி வகுத்தால் ஈவு 1, மீதி 0. இன்னொரு Z, ஈவு 0. விடை ZZ. அடுத்த 703-தான் AAA.

எழுத்திலிருந்து எண்ணுக்கு வருவது சுலபம். இதில் கடன் தொல்லை இல்லை. இடப்பக்கத்திலிருந்து தொடங்கி, கையில் இருப்பதை 26-ஆல் பெருக்கி அடுத்த எழுத்தின் எண்ணைக் கூட்ட வேண்டும். இன்றைய எக்செல்லின் கடைசி நெடுவரிசை XFD. X என்பது 24. 24-ஐ 26-ஆல் பெருக்கி F-க்கு 6 கூட்டினால் 630. அதை 26-ஆல் பெருக்கி D-க்கு 4 கூட்டினால் 16,384. எக்செல் 2007 முதல் ஒரு தாளில் அத்தனை நெடுவரிசைதான். அதற்கு முன்பு 256 மட்டுமே, கடைசி எழுத்து IV. அதையும் நீங்களே சரிபார்க்கலாம்.

பட்டியலில் இரண்டு முறையும் கலந்து வந்தால் ஒரு எச்சரிக்கை. R-இல் தொடங்கினாலே எண் முறை என்று நினைக்காதீர்கள். RC23 என்பது எழுத்து முறையிலும் வரும். RC என்ற நெடுவரிசை, 18 பெருக்கல் 26 கூட்டல் 3, அதாவது 471-வது. அதில் 23-வது கிடைவரிசை. R12 என்பதும் R நெடுவரிசைதான். எங்கள் பட்டியல் மாதிரி ஒவ்வொன்றிலும் முழு எண் இருக்கும் பட்டியல் என்றால், இலக்கம் வந்த பிறகு மறுபடி ஒரு எழுத்து வருகிறதா என்று பாருங்கள். R12C52-இல் 12-க்குப் பிறகு C வருகிறது, அது எண் முறை. வராவிட்டால் எழுத்து முறை.

என் தப்பு ஏன் முதலிலேயே பிடிபடவில்லை? மீதி 0 வருவது 26, 52, 78 போன்ற நெடுவரிசைகளில் மட்டும்தான். மற்ற இருபத்தைந்தும் சரியாகவே வரும். பத்து வரியைப் பார்த்துத் திருப்திப்பட்டால் ஏமாந்துதான் போவோம். அதனால் இப்போது ஒவ்வொரு விடையையும் திருப்பி மாற்றிப் பார்க்கிறேன். BZ-ஐத் திருப்பினால் 2 பெருக்கல் 26 கூட்டல் 26, அதாவது 78. நான் தொடங்கியது 52. ஒத்துப்போகவில்லை, தப்பு கண்டுபிடிச்சாச்சு! அரை நிமிடம் செலவழித்திருந்தால் தோழி அழுதிருக்க மாட்டாள்.

கையால் போட்ட பிறகு எக்செல்லிலேயே சரிபார்க்க இந்த இரண்டு வாய்பாடுகள் போதும்.

```
=ADDRESS(12,52,4)
=COLUMN(AZ12)
```

முதலாவது AZ12 என்று காட்டும். அதில் உள்ள 4, டாலர் குறி இல்லாமல் காட்டு என்பதற்காக. இரண்டாவது 52 என்று காட்டும்.

கடைசியாக உங்களுக்கு மூன்று கணக்கு: R8C78, R3C676, BK5. விடை அடுத்த தாளில் வரும். 676-ஐப் போடும்போது கடனைக் கழிக்க மறக்காதீங்க!

— 11-ஆம் வகுப்பு 'அ' பிரிவு மாணவி, கல்பாக்கம்