சந்தையில் முருங்கைக்காய் பார்த்து வாங்குதல்

சொந்த வளவில் இருந்த காலத்தில் முருங்கைக்காய் இளசா முற்றலா என்று நாம் எவரும் ஆராய்ந்ததில்லை. வேலியோரத்து மரம் எப்போது பூத்தது என்பது வீட்டில் எல்லோருக்கும் தெரியும். பூ உதிர்ந்து, நூல் போலப் பிஞ்சு தொங்கி, அது விரல் மொத்தத்திற்கு வந்ததும் கொக்கத்தடியைக் கொண்டுபோய் அன்றைய கறிக்கு வேண்டிய நாலைந்தை மட்டும் முறிப்போம். தவறிப்போய் முற்றிவிட்ட காயை விதைக்கென்று மரத்திலேயே விட்டுவிடுவோம்.

இடம்பெயர்ந்த பின் அதே காயைக் காசு கொடுத்து வாங்குகிறோம். எந்த மரத்துக் காய், மரத்தில் எத்தனை நாள் நின்றது, பறித்து எத்தனை நாள் ஆயிற்று என்பதெல்லாம் நமக்குத் தெரியாது. அன்று நினைவில் இருந்த காயின் வயதை இன்று கண்ணாலும் கையாலும் கண்டுபிடிக்க வேண்டியிருக்கிறது.

முற்றல் எப்படி வருகிறது என்பதை முதலில் பார்ப்போம். முருங்கைக்காயின் தோலில் நீளப்பாட்டில் ஒன்பது வரிகள் ஓடுகின்றன. அந்தத் தோலின் உட்புறமாக நார் இழைகள் உள்ளன. பிஞ்சிலே இவை மெல்லிய நூல்கள். வேகும்போது சதையோடு சேர்ந்து இளகிவிடும். விதை பருக்கப் பருக்க இந்த நூல்கள் தடித்து ஒன்றோடொன்று இறுகி மரத்தன்மை அடைகின்றன. உள்ளே இருக்கும் ஈரமான சதையும் வற்றி, பஞ்சு போன்ற வெள்ளைச் சக்கையாகிறது. இறுகிப்போன நார் எவ்வளவு நேரம் அவித்தாலும் இளகாது. விறகும் மண்ணெண்ணெயும் செலவானதுதான் மிச்சம்.

ஒருநாள் சுன்னாகம் சந்தையில் ஒரே விலைக்கு இரண்டு குவியல் இருந்தன. ஒன்றில் மெல்லிய காய்கள். மற்றதில் பெரிய, மொத்தமான காய்கள். “இது சதைக்காய் பிள்ளை, பாத்து எடுங்கோ” என்று விற்ற ஆச்சி பெரியதைக் காட்டினார். சோதித்துப் பார்ப்போமென்று இரண்டிலும் அரைக்கிலோ வாங்கினோம். மெல்லியதில் 11 காய் நின்றது. பெரியதில் 6 மட்டுமே. வீட்டில் வெட்டியபோது பெரிய ஆறில் நாலு காய்க்குள் விதைகள் கபில நிறமாகி, செட்டையும் கோதுமாக இருந்தன. ஆனால் மற்ற இரண்டும் நல்ல இளசு. சதையும் நிறைய இருந்தது. மெல்லிய பதினொன்றில் மூன்று வாடிப்போனவை. ஆகவே ஆச்சி சொன்னதில் முழுப்பொய் இல்லை. மொத்தத்தை வைத்து வயதைச் சொல்ல முடியாது என்பதே நாம் கண்டது. சில மரத்துக் காய் இளசிலேயே பருத்திருக்கும். வேறு சில மரத்தில் மெல்லிய காயே முற்றிக் கட்டையாகிவிடும்.

அப்படியானால் எதைப் பார்ப்பது? முதலில் விதை நிற்கும் இடத்தைப் பாருங்கள். இளங்காய் ஒரு நுனியிலிருந்து மறு நுனிவரை ஏறக்குறைய ஒரே அளவாக ஓடும். முற்றிய காயில் விதை நிற்கும் இடமெல்லாம் முடிச்சு முடிச்சாகப் புடைத்து, இடையிடையே ஒடுங்கியிருக்கும். விரல்களுக்கிடையே காயை மெதுவாக இழுத்தால் இந்த ஏற்ற இறக்கம் கண்ணுக்குத் தெரியுமுன் கைக்குத் தெரிந்துவிடும். நிறத்தையும் கவனியுங்கள். இளங்காய் பளிச்சென்ற பச்சை. சில மரத்துக் காயில் இலேசான செம்மை ஓடும். முற்றலோ மங்கி, சாம்பல் பூத்தாற்போல இருக்கும். ஆனால் நிறத்தை மட்டும் நம்பவேண்டாம். தண்ணீர் தெளித்து வைத்தால் எந்தக் காயும் பளபளக்கும். சேலைத் தலைப்பால் ஒருமுறை துடைத்துவிட்டுப் பாருங்கள்.

உறுதியான சோதனை முறுக்கிப் பார்ப்பது. காயின் இரு பக்கத்தையும் பிடித்து, ஈரத் துணி பிழிவது போல மிக இலேசாக எதிரெதிராகத் திருப்புங்கள். கால்வாசித் திருப்பம் போதும். இளங்காய் சிரமமில்லாமல் திரும்பும். கையை விட்டதும் தன் நிலைக்கு வந்துவிடும். முற்றல் காய் தடி போல எதிர்த்து நிற்கும். இன்னும் பலமாகத் திருப்பினால் வரியோடு நீளமாக வெடிக்கும்.

இங்கேதான் பலர் ஏமாறுகிறோம். நன்றாகத் திரும்புகிறதே என்று எடுத்துவந்த காய் சில வேளை ருசியற்றுப் போகிறது. அது வாடற்காய். வாடிய காய் கயிறு போல எப்படியும் வளையும். ஆனால் விட்டதும் நிமிராது; வளைத்த இடத்திலேயே கிடக்கும். தோலும் சுருங்கியிருக்கும். திரும்பவும் வேண்டும், திரும்பியது நிமிரவும் வேண்டும். இரண்டும் இருந்தால்தான் அது இளசுமாகும், புதிதுமாகும். இளசாயிருந்து வாடியதென்றால் பின்னேரம் சந்தை கலையும் நேரத்தில் குறைந்த விலைக்கு வாங்கி அன்றிரவே சமைக்கலாம், குற்றமில்லை. வைத்திருக்க மட்டும் வாங்கவேண்டாம்.

சிலர் நுனியை முறித்தும் நகத்தால் குத்தியும் பார்க்கிறார்கள். நகம் இலகுவாக இறங்கி ஈரம் கசிந்தால் இளசு என்பது உண்மைதான். ஆனால் நகம் பட்ட இடம் கறுத்துவிடும், முறித்த காயை வேறு யாரும் வாங்கமாட்டார்கள். “முறிக்காதேங்கோ அக்கா” என்று வியாபாரி முகம் சுளிப்பதும் நியாயமே. அவரும் நம்மைப்போல அன்றாடம் உழைப்பவர்தான். முறுக்கிப் பார்ப்பதில் காய்க்குச் சேதம் இல்லை.

கட்டாகக் கட்டி விற்கும் இடத்தில் வெளியே தெரியும் காய்களை மட்டும் பார்த்து எடுக்கவேண்டாம். நடுவில் முற்றலைச் செருகிவிடுவது பழைய பழக்கம். கட்டை நிமிர்த்தி, நடுக்காய்களின் வெட்டுவாயைப் பாருங்கள். பச்சையும் ஈரமுமாக இருந்தால் நல்லது. காய்ந்து வெளிறி, நார் துருத்தி நின்றால் அடுத்த கட்டைக் கேளுங்கள்.

மிகவும் பிஞ்சாகவும் வாங்கவேண்டாம் என்பது நமது அபிப்பிராயம். பென்சில் மொத்தத்தில் உள்ள பிஞ்சு குழந்தைகளுக்கும் பல்லில்லாத முதியவர்களுக்கும் நல்லது, தோலோடே தின்னலாம். ஆனால் அதில் சதை பிடித்திருக்காது, பாற்கறியில் கரைந்துபோகும். ஆறேழு பேர் உள்ள குடும்பத்திற்குக் கறி காணவேண்டுமானால் விதை உருண்டு, இன்னும் வெள்ளையாகவும் மென்மையாகவும் இருக்கிற நடுப்பருவமே பதம்.

எவ்வளவு பார்த்தாலும் ஒன்றிரண்டு முற்றல் வீட்டுக்கு வந்துவிடும். அவற்றை இளசோடு சேர்த்து ஒரே சட்டியில் போடவேண்டாம். இளசு கரைந்துவிடும், முற்றல் வேகாது. தனியே இரண்டு மூன்று துண்டாக்கி உப்பிட்டு அவித்து, நீளமாகப் பிளந்து, கரண்டியால் உள்ளிருக்கும் சதையை மட்டும் வழித்தெடுங்கள். அதைப் பருப்போடு சேர்த்துக் கடையலாம், சொதியிலும் விடலாம். விதை பச்சையாக இருந்தால் கோதை நீக்கிச் சேர்க்கலாம். கபிலமாகிவிட்டால் கசக்கும், எறிந்துவிடுங்கள்.

இளங்காய் மிஞ்சினால் வெட்டாமல் முழுதாக, ஈரச் சாக்கில் சுற்றி நிழலில் வையுங்கள். இரண்டு நாள் தாங்கும். சாக்கு காய்ந்துபோனால் மறுபடி நனைத்துப் பிழிந்து சுற்றவேண்டும். தண்ணீர் சொட்டச் சொட்டச் சுற்றினால் காய் வழுவழுத்து அழுகிவிடும்.